வீடு நிற்க வேண்டும், சாய்ப்பு மட்டும் போக வேண்டும்: பழைய கட்டடத்தின் ஒரு பகுதியைக் கையால் இடிக்கும் முறை

ஒரு வீட்டை முழுதாக இடிப்பதைவிட அதில் ஒரு பகுதியை மட்டும் இடிப்பது சிக்கலான வேலை. முழுதாக இடிக்கும்போது எது விரிசல் விட்டாலும் கவலையில்லை, எல்லாமே போகப் போவதுதான். பகுதியை இடிக்கும்போது, நீங்கள் கடப்பாரை போடும் சுவருக்கு அடுத்த பக்கம் ஆட்கள் தூங்குகிறார்கள். அந்தச் சுவருக்குள் ஓடும் கம்பியில்தான் அவர்கள் வீட்டு விளக்கும் எரிகிறது.

இந்த வேலைக்குப் புதியவர்களுக்காக ஒரே ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஒற்றைத்தள ஓட்டு வீடு. அதன் பின்சுவரோடு சேர்த்து, பிற்காலத்தில் கட்டிய சமையலறைச் சாய்ப்பு. உள்ளளவு சுமார் 12 அடிக்கு 10 அடி. 9 அங்குலச் செங்கல் சுவர், சுண்ணாம்புக் காரை. வீட்டோடு ஒட்டும் இடத்தில் கூரை 11 அடி உயரம், பின்னால் 7 அடி. மேலே சீமை ஓடு. வெளியே பாத்திரம் கழுவும் மூலைக்கு மட்டும் இரண்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். ஒரு கதவு, ஒரு ஜன்னல், ஒரு குழாய், ஒரு சாக்கடைக் குழி. இந்தச் சாய்ப்பு போக வேண்டும், வீடு அப்படியே நிற்க வேண்டும்.

இந்த அளவு வேலையைப் பழக்கமுள்ள ஒரு கொத்தனாரும் இரண்டு மூன்று ஆட்களும் கைக்கருவிகளோடு செய்து முடிக்கலாம். மாடி இருந்தால், மேலே கான்கிரீட் தளம் இருந்தால், சுவர் பக்கத்து வீட்டுக்கும் பொதுவாக இருந்தால், அல்லது சுவர் ஏற்கெனவே சாய்ந்திருந்தால் இந்தக் கட்டுரையை வைத்துக்கொண்டு இறங்க வேண்டாம். அதற்குக் கட்டடப் பொறியாளர் நேரில் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும். உள்ளாட்சி அனுமதி தேவையா என்பதையும் தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

எது எதைத் தாங்குகிறது

முதல் நாள் கருவி எதையும் எடுக்க வேண்டாம். ஒரு ஏணி, டார்ச், தூக்குக்குண்டு, பென்சில், இவை போதும்.

முதலில் கைமரங்கள் எந்தத் திசையில் ஓடுகின்றன, அவற்றின் இரு முனைகளும் எங்கே உட்கார்ந்திருக்கின்றன என்று பாருங்கள். நம் சாய்ப்பில் மேல்முனை வீட்டின் பின்சுவரில் குழி வெட்டிச் செருகியிருக்கும், கீழ்முனை சாய்ப்பின் பின்சுவர்மேல் இருக்கும். அப்படியானால் பக்கச்சுவர்கள் இரண்டும் கூரைப் பாரத்தை அவ்வளவாகச் சுமக்கவில்லை. ஆனால் இதை ஊகிக்கக் கூடாது. நாலு ஓட்டைத் தூக்கிவிட்டுக் கண்ணால் பார்க்க வேண்டும். பழைய வீடுகளில் மழை ஒழுகுகிறதென்று யாரோ எப்போதோ குறுக்கே ஒரு உத்திரம் கொடுத்திருப்பார்கள். அதன் முனை பக்கச்சுவரில் உட்கார்ந்திருக்கும்.

இன்னும் முக்கியமான கேள்வி, வீட்டின் கூரையில் ஏதாவது ஒரு மரம் சாய்ப்பின் சுவர்மேல் வந்து உட்கார்ந்திருக்கிறதா என்பது. அப்படி இருந்தால் அந்தச் சுவர் வீட்டுக்குச் சொந்தம், சாய்ப்புக்கு அல்ல. முட்டுக் கொடுத்து மாற்று ஏற்பாடு செய்யும் வரை அதைத் தொடக் கூடாது.

அடுத்தது, பலரும் பார்க்காமல் விடுவது. ஓட்டுக் கூரையின் கைமரங்கள் சுவரை நேர் கீழாக மட்டும் அழுத்துவதில்லை, வெளிப்பக்கமாகவும் கொஞ்சம் தள்ளும். வீட்டின் பின்சுவர் பல வருஷமாக அப்படித் தள்ளப்பட்டுக்கொண்டே இருந்திருக்கலாம். சாய்ப்பின் பக்கச்சுவர்கள் இரண்டும் அதற்கு அண்டை கொடுத்து நிறுத்தியிருக்கலாம். தெரிந்து கட்டினார்களோ இல்லையோ, இன்றைக்கு அவை செய்யும் வேலை அது. இதைக் கண்டுபிடிக்க வீட்டுப் பின்சுவரில் மூன்று நான்கு இடங்களில் தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். 10 அடி உயரத்தில் அரை அங்குலம் வித்தியாசம் பழைய சுவரில் சகஜம். ஒரு அங்குலத்துக்கு மேல் வெளியே சாய்ந்திருந்தால், அல்லது நடுவில் தொப்பை போட்டிருந்தால், பக்கச்சுவர்களை முழுதாக எடுக்கும் எண்ணத்தை நிறுத்திவிட்டுப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

ஏற்கெனவே உள்ள விரிசல்களின் இரு முனையிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். பெரிய விரிசல்மேல் ஜிப்சம் அல்லது சிமெண்ட் பாலை மெல்லிய பட்டையாகத் தடவி விடுங்கள். வேலை நடக்கும் நாட்களில் அந்தப் பட்டை கீறினால் சுவர் அசைகிறது என்று அர்த்தம். போட்டோவும் எடுத்து வைத்தால் பின்னால் ‘இது முன்னாடியே இருந்ததா?’ என்ற வாக்குவாதம் வராது.

கடைசியாக, காரையை ஒரு ஆணியால் சுரண்டுங்கள். பொலபொலவென்று வெள்ளையாக உதிர்ந்தால் சுண்ணாம்பு. பழுப்பாக மாவு போல் வந்தால் மண்காரை. கீறவே முடியாவிட்டால் சிமெண்ட். இது எதற்கு என்று சுவருக்கு வரும்போது சொல்கிறேன்.

இணைப்புகளைப் பிரிப்பது

‘மெயின் ஆஃப் பண்ணிட்டோம்’ என்பது போதாது. மெயினை யாராவது மறுபடி போட முடியும். அதைவிட, மெயினை அணைத்தாலும் சில கம்பிகளில் மின்சாரம் இருக்கும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதன் லைன், கூரையில் சோலார் இருந்தால் அதன் லைன், இரண்டுக்கும் வேறு மூலம். மும்முனை இணைப்புள்ள வீட்டில் சமையலறை விளக்கு ஒரு ஃபேஸிலும் பிளக் பாயிண்ட் வேறொரு ஃபேஸிலும் இருக்கலாம். ஒரு எம்சிபியை இறக்கிவிட்டு விளக்கு அணைந்ததைப் பார்த்து நிம்மதியாகக் கம்பியை வெட்டுகிறவர்களுக்கு அடி விழுவது இப்படித்தான்.

செய்ய வேண்டியது, உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து, சாய்ப்புக்குப் போகும் கம்பிகளை, எம்சிபிகள் இருக்கும் டிபி பாக்ஸிலிருந்தே கழற்றி வெளியே எடுத்து, முனைகளைத் தனித்தனியாக மூடிவிடுவது. ஃபேஸ் மட்டும் போதாது, நியூட்ரலும் கழல வேண்டும். பழைய வயரிங்கில் ஒரு சர்க்யூட்டின் நியூட்ரலை இன்னொன்று கடன் வாங்கியிருக்கும். அப்போது அணைத்த லைனின் நியூட்ரலிலும் மின்சாரம் ஓடும். அதை வெட்டினால் வெட்டுகிறவர் கையில் இறங்கும்.

அதற்குப் பிறகு சோதனை. வெறும் நியான் டெஸ்டரை நம்ப வேண்டாம், அது எரியாததற்குப் பல காரணம் இருக்கலாம். மல்டிமீட்டரையோ டெஸ்ட் லேம்ப்பையோ முதலில் மின்சாரம் இருப்பதாகத் தெரிந்த ஒரு பிளக்கில் வைத்து, வேலை செய்கிறதா என்று பார்க்கவும். பிறகு சாய்ப்பின் ஒவ்வொரு பாயிண்டிலும் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும், ஃபேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே சோதிக்கவும். முடிந்ததும் மறுபடி அந்த நல்ல பிளக்கில் வைத்துப் பார்க்கவும். நடுவில் மீட்டரே கெட்டுப்போயிருந்தால் இந்தக் கடைசிப் படி காட்டிக்கொடுக்கும்.

இனி இரண்டு பொறிகள். ஒன்று, சாய்ப்பு வழியாக வேறெங்கோ போகும் கம்பி. கிணற்று மோட்டார், கொல்லைப்புற விளக்கு, பக்கத்துக் கழிப்பறை, இவற்றின் லைன் சாய்ப்பின் சுவருக்குள் பைப்பில் போய்க்கொண்டிருக்கும். சாய்ப்பின் பாயிண்டுகளைச் சோதித்தால் இது சிக்காது. மோட்டார் எதில் ஓடுகிறது என்று தேடிப் பிடித்து, அதற்கு முன்கூட்டியே வேறு வழியில் லைன் இழுத்துவிட வேண்டும். இரண்டாவது பொறி எர்த் கம்பி. வீட்டின் எர்த் குழி கொல்லைப்புறம் இருந்தால், அதற்குப் போகும் கம்பி சாய்ப்பின் சுவர் ஓரமாகத்தான் ஓடும். இடிக்கும்போது அது அறுந்தால் உடனே ஒன்றும் தெரியாது. வீட்டில் எல்லாம் ஓடும், எர்த் மட்டும் இருக்காது. பிறகு என்றோ ஒருநாள் பிரிட்ஜைத் தொடும்போதுதான் தெரியும். அதனால் அந்தக் கம்பியை முதலிலேயே கண்டுபிடித்து, மாற்றுப் பாதை கொடுத்து, அது வேலை செய்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

வேலைக்கு மின்சாரம் தேவைப்பட்டால் வீட்டின் முன்பக்கத்திலிருந்து தனி வயர் இழுத்து, மின்கசிவு வந்தால் தானாகவே லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வழியாக எடுங்கள். இடிக்கும் சுவரில் உள்ள பிளக்கைப் பயன்படுத்தக் கூடாது.

தண்ணீர் எளிது. வால்வை மூடி, வீட்டுப்பக்கமே குழாயை வெட்டி, எண்ட் கேப் போட்டு, வால்வைத் திறந்து கசிகிறதா என்று ஒரு இரவு விட்டுப் பாருங்கள். வால்வை மட்டும் மூடிவிட்டு நம்பினால், பழைய வால்வு பிடிக்காமல் சுவரடி நனைந்துகொண்டே இருக்கும். சாய்ப்பின்மேல் தண்ணீர்த் தொட்டி இருந்தால் காலி செய்து இறக்க வேண்டும், 500 லிட்டர் என்பது அரை டன். சாக்கடைக் குழாயின் வாயைத் துணி திணித்து விடாமல் சரியான மூடி போட்டு அடையுங்கள். திறந்து கிடந்தால் கல்லும் மண்ணும் விழுந்து வீட்டின் மொத்த வடிகாலும் அடைபடும், போதாததற்கு விஷவாயுவும் மேலே வரும். செப்டிக் டேங்க் எங்கே என்று கண்டுபிடித்து நாலு பக்கமும் கயிறு கட்டுங்கள். அதன் மூடிமேல் ஆளும் நிற்கக் கூடாது, இடிபாடும் விழக் கூடாது.

சிலிண்டரும் அடுப்பும் ரப்பர் குழாயும் முன்னதாகவே அந்தப் பக்கத்தைவிட்டுப் போய்விட வேண்டும். குழாய் வழி எரிவாயு வருகிறதென்றால் நீங்களோ பிளம்பரோ தொடவே வேண்டாம். வாயு கொடுக்கும் நிறுவனத்தின் ஆள் வந்து துண்டித்துத் தர வேண்டும்.

நிற்கும் இடமும் போட்டுக்கொள்வதும்

தலைக்கவசம், அடி தடித்த ஷூ, தடித்த கையுறை, பக்கமும் மூடிய கண்ணாடி. இவற்றில் எல்லோரும் கழற்றி வைப்பது கண்ணாடியைத்தான், சுண்ணாம்புக் காரையை உடைக்கும்போது அதுதான் அவசியம். சுண்ணாம்புத் தூள் கண்ணில் பட்டால் தேய்க்காமல் சுத்தமான தண்ணீரை 15, 20 நிமிஷம் ஊற்றிக் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒரு குடம் நல்ல தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். தூசிக்குத் துண்டு கட்டுவது தூசியைத் தடுக்காது, செங்கல், காரையில் உள்ள நுண்ணிய சிலிக்கா அதன் வழியே போய்விடும். குறைந்தது என்95 முகமூடி வேண்டும். தாடை எலும்போடு ஒட்டி உட்கார்ந்தால்தான் அதற்குப் பயன்.

சுவர் உயரத்துக்கு ஒன்றரை மடங்கு தூரம் வரை வெளியே கயிறு கட்டி யாரும் வராமல் பாருங்கள். வீட்டிலிருந்து சாய்ப்புக்கு வரும் கதவை வீட்டுப்பக்கமாகப் பலகை அடித்து மூடிவிடுங்கள். குழந்தைகள் வேடிக்கை பார்க்க வருவது அந்த வழியாகத்தான்.

இடிக்கும் சுவர்மேல் ஏறி நின்று இடிக்கும் பழக்கம் பரவலாக உண்டு. அதை ஒத்துக்கொள்ளாதீர்கள். சுவரோடு ஒட்டாமல் தன் காலில் நிற்கும் சாரம் உள்ளே கட்டி, அதன் பலகைமேல் நின்றுதான் வேலை நடக்க வேண்டும்.

கூரை

முதலில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். இது தனி வேலை, தனி நாளில் செய்தால் நல்லது. முழுதாக இருக்கும்வரை ஷீட்டால் பெரிய தொல்லையில்லை. உடைத்தாலோ அறுத்தாலோ நார் காற்றில் கலக்கும், அது நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. ஷீட் ஏற்கெனவே நொறுங்கிக் கிடந்தால் அதற்கென்று பயிற்சி பெற்றவர்களைக் கூப்பிடுங்கள். நம் சாய்ப்பில் இருப்பது போல முழு ஷீட் இரண்டு என்றால், சோப்புத் தண்ணீரை மெல்லத் தெளித்து நனைத்துவிட்டு, கொக்கி போல்ட்டுகளைக் கழற்றி, துருப்பிடித்துச் சுற்றாவிட்டால் போல்ட்டை மட்டும் வெட்டி, ஷீட்டை உடையாமல் இருவர் பிடித்து இறக்க வேண்டும். இதற்கு என்95 போதாது, எஃப்.எஃப்.பி.3 அல்லது பி100 வடிகட்டி உள்ள முகமூடி வேண்டும். இறக்கியதும் தடித்த பாலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றி, ஒட்டி, மேலே பெயர் எழுதி வையுங்கள். விழுந்த துணுக்குகளை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள், விளக்குமாறு போடக் கூடாது. இன்னொன்று, ஷீட்மேல் ஒருபோதும் கால் வைக்காதீர்கள். வெயிலில் பல வருஷம் கிடந்த ஷீட் ஆள் பாரத்தில் எச்சரிக்கையே இல்லாமல் உடையும்.

ஓட்டை வீட்டுச்சுவர் ஓரமான மேல்வரிசையிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கி எடுங்கள். ரீப்பர்மேல் நிற்கக் கூடாது, அது ஓட்டைத் தாங்க வைத்தது, ஆளைத் தாங்க அல்ல. உள்ளே சாரத்தின்மேல் நின்று, கீழிருந்தே ஓட்டைத் தூக்கி நழுவவிட்டுக் கையில் வாங்கலாம். ஓடு ஒவ்வொன்றும் இரண்டு, இரண்டரை கிலோ இருக்கும். கைமாற்றி இறக்குங்கள், வீச வேண்டாம். ஓட்டின் அடியில் தேளும் சில சமயம் பாம்பும் இருக்கும், அதனால் விரலை உள்ளே விடுமுன் ஒரு குச்சியால் தட்டிவிடுவது நல்லது.

ஓடு போன பிறகு ரீப்பர்களை எல்லாம் ஒரேயடியாகப் பிடுங்குவது ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் கைமரங்கள் பக்கவாட்டில் சாயாமல் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பது இந்த ரீப்பர்களால்தான். மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று என்று மூன்றை விட்டுவிட்டு மற்றவற்றை எடுங்கள். அப்புறம் ஒரு ஓரத்திலிருந்து கைமரங்களை ஒவ்வொன்றாக இறக்கும்போது, அந்தந்த மரம்வரை மட்டும் இந்த மூன்றையும் அறுத்துக்கொண்டே போகலாம்.

கைமரத்தை இறக்கும்முன் இரு முனையிலும் கயிறு கட்டுங்கள். கீழ்முனையை முதலில் சுவரிலிருந்து கிளப்பி ஒரு விரற்கடை தூக்கிப் பார்த்தால் கனம் தெரிந்துவிடும். மேல்முனை வீட்டுச்சுவரின் குழிக்குள் இருக்கிறது. அதை மேலும் கீழும் நெம்பி எடுக்காதீர்கள், குழியின் மேல்கல் தூக்கிக்கொண்டு வீட்டுச்சுவரின் பூச்சும் கல்லும் சேர்ந்து வரும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அறுத்துவிட்டு, குழிக்குள் மிச்சமிருக்கும் துண்டை உளியால் சுற்றிலும் தளர்த்தி எடுப்பது மெதுவான வழி, ஆனால் சுவர் தப்பிக்கும். அறுக்குமுன் அறுக்கும் இடத்துக்கு அடியில் ஒரு முட்டு இருக்க வேண்டும். செருகிய முனை கரையான் அரித்திருந்தால் மரம் நீங்கள் நினைப்பதற்கு முன்பே கழன்றுவிடும், முட்டு அதற்கும் சேர்த்துத்தான்.

சுவர்

கட்டிய வரிசைக்கு நேர் எதிராக, மேலிருந்து கீழே, ஒரு வரிசை ஒரு வரிசையாக. சுவரின் அடியில் வெட்டி, மேல் பாகத்தை மொத்தமாகத் தள்ளுவது சீக்கிரம் முடியும் என்று யாராவது சொல்வார்கள். சுவர் எந்தப் பக்கம் விழும் என்பதை வெட்டுகிறவர் முடிவு செய்ய முடியாது. மேலும் இந்தச் சுவர் வீட்டோடு பல் வைத்துக் கட்டப்பட்டிருந்தால் விழும்போது வீட்டுச் சுவரையும் இழுக்கும்.

ஆகவே முதலில் வீட்டையும் சாய்ப்பையும் பிரிக்க வேண்டும். பக்கச்சுவர் வீட்டுச்சுவரைத் தொடும் இடத்தில் பூச்சை உளியால் உதிர்த்துப் பாருங்கள். நேர்க்கோடாக ஒரு இடைவெளி மேலிருந்து கீழே ஓடினால், சாய்ப்பு சும்மா ஒட்டி நிற்கிறது. செங்கற்கள் மாறி மாறி வீட்டுச்சுவருக்குள் போனால் அது பல் வைத்த கட்டு. அப்படியானால் வீட்டுச்சுவரிலிருந்து ஒரு அடி அகலத்துக்குச் சம்மட்டியும் கடப்பாரையும் கூடாது. சின்ன சுத்தியலும் உளியும் மட்டும், காரையைக் கிளறிக் கல்லைக் கையால் எடுக்க வேண்டும். வீட்டுச்சுவருக்குள் போன பாதிக்கல்லைப் பிடுங்காமல், வெளியே நீட்டியதை மட்டும் வெட்டிவிடலாம். வீட்டுச்சுவர் கொஞ்சம் சந்தேகத்துக்கு இடமாக இருந்தால், பக்கச்சுவரில் இரண்டு அடியைப் படிப்படியாகச் சரிவாக விட்டு, அண்டையாகவே வைத்துக்கொள்ளலாம். பார்க்க அழகில்லைதான், பூசிவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை.

எடுக்கும் வரிசை இப்படி. பக்கச்சுவர்களின் மேலே சரிவாக இருக்கும் முக்கோணப் பகுதி முதலில். அதை எடுத்து எல்லாச் சுவரும் 7 அடி மட்டத்துக்கு வந்ததும், மூன்று சுவரையும் சுற்றிச் சுற்றி ஒன்றாகவே இறக்குங்கள். ஒரு சுற்றுக்கு ஒரு அடி போதும். பக்கச்சுவர்கள் இரண்டையும் முதலில் முடித்துவிட்டுப் பின்சுவரை விட்டுவைத்தால், 12 அடி நீளம், 7 அடி உயரம், முக்கால் அடி தடிமனில் ஒரு சுவர் துணையில்லாமல் நிற்கும். கூரையும் மேலே இல்லை. ஒரு பலமான காற்றுக்கோ உள்ளே கொட்டிய இடிபாட்டின் தள்ளலுக்கோ அது தாங்காது. மூலைகள் இருக்கும்வரைதான் மெல்லிய சுவர் நிற்கும்.

கதவுக்கு வருவோம். நல்ல நிலைக்கதவு என்றால் முதல் நாளே நிலையைப் பெயர்த்து எடுத்துப் பத்திரப்படுத்தத் தோன்றும். கதவுப் பலகையை எடுக்கலாம், நிலையை எடுக்கக் கூடாது. பழைய சுவர்களில் நிலைக்கு மேலே உள்ள மரத் துண்டு பாதி உளுத்திருக்கும், மேலே உள்ள கல்லையெல்லாம் உண்மையில் தாங்குவது நிலைதான். சுவர் நிலையின் தலைக்குச் சமமாக இறங்கிய பிறகு அது தானாகவே சும்மா கழன்று வரும். ஜன்னலுக்கு மேல் செங்கல் வளைவு இருந்தால் இன்னும் கவனம். வளைவு இரு பக்கமும் சுவரைத் தள்ளிக்கொண்டே நிற்கிறது. பக்கத்துச் சுவரைக் குறைத்தால் அது விரிந்து விழும். அதனால் பக்கத்தைத் தொடும் முன் வளைவுக்கு அடியில் முட்டுப்பலகை கொடுத்து, உச்சியிலிருந்து இரண்டு பக்கமும் சமமாகக் கல்லை எடுக்க வேண்டும்.

தூசியை அடக்கத் தண்ணீர் தெளிக்க வேண்டும், ஆனால் இங்கேதான் அந்த ஆணிச் சோதனை உதவும். சுண்ணாம்போ சிமெண்டோ என்றால் நன்றாகத் தெளிக்கலாம். மண்காரை என்றால் குழாய் வைத்து அடித்தீர்களானால் சுவர் கரைந்து நிலைகுலையும். எடுக்கப்போகும் மேல் வரிசையில் மட்டும் பூவாளியால் லேசாகத் தெளித்தால் போதும். மழை பெய்து ஊறிய மண்காரைச் சுவர்மேல் அன்றைக்கு வேலை வைக்க வேண்டாம்.

சிமெண்ட் காரை வந்தால் கல் கல்லாகக் கழலாது, கட்டிகட்டியாக வரும். பெரிய கட்டியை ஆட்டி ஆட்டித் தள்ளாமல், இருந்த இடத்திலேயே கையில் தூக்கும் அளவுக்கு உடைத்து இறக்குங்கள்.

மாலை வேலை நிறுத்தும்போது தனித்து நிற்கும் தூணோ, அந்தரத்தில் நீட்டும் கல்லோ, ஒரு பக்கம் மட்டும் உயர்ந்த சுவரோ இருக்கக் கூடாது. அதைச் சரி செய்ய அரை மணி நேரம் ஆகும் என்றால் அரை மணி நேரம் முன்னாலேயே நிறுத்தத் தொடங்குங்கள். வேலைக்கு நடுவே மேலே மணல் உதிரும் சத்தம், பூச்சு திடீரென்று சிதறுவது, வீட்டுச்சுவரில் நாம் தடவிய பட்டை கீறுவது, இவற்றில் எது நடந்தாலும் கருவியைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். உள்ளே போய் முட்டுக் கொடுக்கலாம் என்று அந்த நேரத்தில் நினைக்கக் கூடாது.

இடிபாடு

இதன் அளவைப் புதியவர்கள் எப்போதும் குறைத்தே கணக்குப் போடுவார்கள். நம் சாய்ப்பையே பார்ப்போம். பக்கச்சுவர்கள் ஒவ்வொன்றும் 10 அடி நீளம், சராசரி 9 அடி உயரம், முக்கால் அடி தடிமன். இரண்டும் சேர்ந்து 135 கன அடி. பின்சுவர் 12 அடிக்கு 7 அடி, அது 63. கதவு, ஜன்னலுக்குச் சுமார் 23 கழித்தால் மிச்சம் ஏறக்குறைய 175 கன அடி. செங்கல் கட்டு ஒரு கன அடி ஐம்பது கிலோவுக்கு மேல் இருக்கும், ஆக 9 டன். உடைந்து உதிர்ந்த பிறகு ஒன்றரை மடங்காகப் பெருகி 260 கன அடி இடத்தை அடைக்கும். மூன்று டன் ஏற்றும் வண்டி என்றால் மூன்று நடை. ஓடும் மரமும் தனி. இதை முன்கூட்டியே கணக்கிட்டு, எங்கே குவிப்பது, வண்டி எந்த வழியாக வரும், எங்கே கொண்டுபோய்க் கொட்ட அனுமதி இருக்கிறது என்று முடிவு செய்யாவிட்டால், குவியல் தானாகவே கைக்கு எட்டிய இடத்தில் சேரும். அதாவது சுவரோரம்.

சுவரோரம் குவிவதுதான் ஆபத்து. மூன்று நாலு அடி உயரத்துக்குக் குவிந்த கல்லும் மண்ணும் சுவரைப் பக்கவாட்டில் தள்ளும். சுவர் மேலிருந்து பாரத்தைச் சுமக்கக் கட்டியது, பக்கத்துத் தள்ளலைத் தாங்க அல்ல. நிற்கப்போகும் வீட்டுச்சுவருக்கும் இது பொருந்தும். எனவே கல்லை உள்பக்கம் தரையில் நடுவில் போட்டு, முழங்கால் உயரம் சேர்வதற்குள் அள்ளி வெளியேற்றிவிடுங்கள். சாய்ப்பின் தரையை மட்டும் கடைசிவரை உடைக்காமல் வைத்திருங்கள், சமமான தளத்தில் மண்வெட்டி போட்டு அள்ளுவது எவ்வளவு சுலபம் என்பது தரையை முதலில் உடைத்தவர்களுக்குத்தான் தெரியும்.

சாக்கில் கட்டினால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். சிமெண்ட் சாக்கை முழுக்க ரப்பிஷ் நிரப்பினால் ஒருவர் தூக்கும் கனமாக அது இருக்காது, முதுகு பிடித்துக்கொள்ளும்.

பிரித்து வைப்பதை அன்றன்றே செய்துவிடுங்கள், கலந்த பிறகு பிரிக்க யாருக்கும் மனம் வராது. சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல் முழுதாகவே கழன்று வரும், ஒட்டிய காரையைத் தட்டிவிட்டு மறுபடி பயன்படுத்தலாம். மரத்தில் உள்ள ஆணிகளை இறக்கிய உடனே பிடுங்குங்கள், முடியாவிட்டால் மடக்கியாவது விடுங்கள். ஷூவைத் துளைத்து ஏறிய துருப்பிடித்த ஆணிக்கு டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். பழைய பெயிண்ட் அடித்த கதவையும் ஜன்னலையும் விறகாக எரிக்காதீர்கள், அந்தக் காலப் பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம், புகையிலும் சாம்பலிலும் அது வந்துவிடும். ட்யூப் லைட் உடையாமல் தனியே. பாலித்தீனில் சுற்றிய ஆஸ்பெஸ்டாஸை மற்ற இடிபாட்டோடு ஏற்ற வேண்டாம், அதற்குக் குறித்த இடத்துக்கு மட்டும் போக வேண்டும்.

வெளியே தெரியும் பழைய சுவர்

சாய்ப்பு போனதும் வீட்டின் பின்சுவர் பல வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாக மழைக்கு நேரே நிற்கிறது. உள்சுவராக இருந்ததால் அதன் பூச்சு மழைக்கு ஏற்றதல்ல, கைமரம் செருகிய குழிகளும் வாயைத் திறந்துகொண்டிருக்கும். குழிகளைச் சுத்தம் செய்து, நனைத்து, அளவாக வெட்டிய செங்கல் வைத்து இறுக்கமாக அடையுங்கள். பழைய சுண்ணாம்புச் சுவர் என்றால் சுண்ணாம்புக் கலவையே பொருந்தும், கெட்டியான சிமெண்ட் பூச்சு உள்ளே உள்ள ஈரத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்துக் கொஞ்ச காலத்தில் கழன்று விழும். கூரை விளிம்பிலிருந்து தண்ணீர் இப்போது எங்கே விழுகிறது என்றும் பாருங்கள். முன்பு சாய்ப்பின் ஓட்டில் விழுந்து ஓடியது, இனி நேராக அஸ்திவாரத்தடியில் விழும். தகரப் பீலி கொடுத்தோ, அடியில் சரிவாகத் தளம் போட்டோ அதைத் தள்ளிவிட வேண்டும். இதெல்லாம் முடியும்வரை சுவரை மேலிருந்து தார்ப்பாய் போட்டு மூடி வையுங்கள், அடியைக் கல் வைத்து இறுக்காமல் காற்றோட்டம் போகும்படி.